ஊரிலேயே இறக்கிக்கொள்ள வேண்டியவை

இந்த அத்தியாயத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு ஆறு நாள் சுற்றுலா போகிறார்கள். கணவன், மனைவி, பத்து வயது மகள், கணவனின் அம்மா. கையில் மூன்று ஆண்ட்ராய்டு போன், மகளுக்கு ஒரு டேப்லெட். கணவனின் போனில் மட்டும் சிறிய ரோமிங் பேக் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டல் வைஃபையில் சமாளித்துக்கொள்வது என்பது அவர்கள் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அந்தச் சிறிய பேக் ஆறு நாளும் தாங்க வேண்டுமானால், வழியில் தேவைப்படப்போகும் கனமான சரக்கெல்லாம் சென்னையிலேயே போனுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

எது கனம், எது லேசு

டேட்டாவைப் பற்றி நம் மனக்கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். வரைபடம் பார்த்தால் டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்படுவோம். போட்டோ எடுப்பதற்குப் பயப்பட மாட்டோம். உண்மையில் வாட்ஸப்பில் எழுத்துச் செய்தி அனுப்புவதும், வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேடுவதும் மிகச் சிறிய செலவு. பாட்டு கேட்டால் சாதாரணத் தரத்தில் மணிக்கு 70 எம்பி போகும். படம் பார்த்தால், போன் திரைக்குப் போதுமான தரத்திலேயே, மணிக்குக் கால் ஜிபியிலிருந்து அரை ஜிபி வரை ஆகும். இருபது நிமிட வீடியோ கால் சுலபமாக 100 எம்பியைத் தொட்டுவிடும்.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது போட்டோ பேக்கப். ஒரு போட்டோ சராசரியாக 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போனிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 240 படம் எடுத்தால் 960 எம்பி, ஏறத்தாழ ஒரு ஜிபி. சுற்றுலாவில் 240 படம் ஒன்றும் அதிகமில்லை. ஒரு கோயில் வாசலிலேயே ஐம்பது ஆகிவிடும். இதில் வீடியோவைச் சேர்க்கவே இல்லை. 4K தரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, நன்றாகச் சுருக்கிச் சேமிக்கும் போனிலேயே 170 எம்பி இருக்கும். இவ்வளவும் கூகுள் போட்டோஸுக்கு மேலே ஏறும்போது, கீழே இறங்கும் டேட்டாவுக்கு ஆகும் அதே கட்டணம்தான் இதற்கும். பேக் இல்லாமல் எம்பிக்கு ஐந்து ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், அந்த ஒரு நாள் படங்களுக்கு மட்டும் 4,800 ரூபாய். உங்கள் நிறுவனத்தின் உண்மையான கட்டணத்தை அதன் செயலியில் பார்த்து இந்தப் பெருக்கலை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பல நிறுவனங்கள் 10 கேபிக்கு இவ்வளவு என்று குறிப்பிடும். ஒரு எம்பி என்பது அதைப் போல நூறு மடங்கு என்று நினைவில் இருக்கட்டும்.

ஆகவே வீட்டில் இரண்டு வேலை இருக்கிறது. தேவையானதை இறக்கிக்கொள்வது ஒன்று. போன் தன்னிஷ்டத்துக்கு ஏற்றி இறக்குவதை நிறுத்திவைப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு ஒரு வாரம் முன்பே உட்கார வேண்டும்.

வரைபடம்

கூகுள் மேப்ஸைத் திறந்து மேலே உங்கள் படத்தைத் தொட்டால் Offline maps என்று வரும். அதில் Select your own map என்பதைத் தொட்டதும் ஒரு செவ்வகம் தோன்றும். அதற்குள் எவ்வளவு ஊர் அடங்குகிறதோ அவ்வளவும் இறங்கும். எத்தனை எம்பி என்றும் முன்கூட்டியே காட்டிவிடும். பாங்காக்குக்கு நகரத்தை மட்டும் கட்டம் கட்டினால் போதாது. சுவர்ணபூமி விமான நிலையம் நகருக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது. இறங்கியதும் முதலில் தேவைப்படப்போவது அங்கிருந்து ஓட்டலுக்கு வழி. அயுத்தயா போகும் எண்ணமிருந்தால் கட்டத்தை வடக்கே இழுத்துக்கொள்ளுங்கள், அல்லது அதைத் தனி வரைபடமாக இறக்குங்கள்.

இனி இந்த வரைபடத்தின் எல்லையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். இணையம் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் கார் ஓட்டுவதற்கான வழியை மட்டுமே காட்டும். நடக்கும் வழி கிடையாது. பஸ், ரயில் வழியும் கிடையாது. போக்குவரத்து நெரிசலும் அதற்குத் தெரியாது. பாங்காக்கில் இது சின்ன விஷயமில்லை. மாலை நேரத்தில் இருபது நிமிடம் என்று அது காட்டும் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகலாம். விமானத்தைப் பிடிக்கக் கிளம்பும் நாளில் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

நடப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து இயங்குவது அது. தாய்லாந்தில் நமக்கு வேண்டிய பகுதியைத் தேர்ந்து இறக்கினால், இணையமே இல்லாமல் சந்துபொந்துக்கெல்லாம் நடக்கும் வழி சொல்லும். கடைகளின் பெயரும் நேரமும் கூகுளில் இருக்கும் அளவுக்கு இருக்காது. அதனால் ஒன்றை விட்டு ஒன்று என்று இல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி. ரயிலுக்கு, பிடிஎஸ் ஸ்கைட்ரெயின், எம்ஆர்டி இரண்டின் வழித்தடப் படத்தையும் போட்டோவாகச் சேமித்துவிடுங்கள். இதற்குச் செயலி எதுவும் வேண்டாம்.

இடங்களையும் வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நம் குடும்பத்துப் பாட்டி சீலோம் பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பார்க்க ஆசைப்படுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. உள்ளூர்க்காரர்களிடம் மாரியம்மன் கோயில் என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது வாட் கேக். ஆகவே குறிக்கும்போது இரண்டு பெயரையும் எழுதிவையுங்கள். கூடவே ஓட்டல், கோயில் இரண்டின் முகவரியையும் தாய் எழுத்தில் காட்டும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால், டாக்சி ஓட்டுநரிடம் நீட்டினால் போதும்.

வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளிக்கு இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் டேட்டா இருக்கும்போது செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பைப் போன் இணையத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். அது கிடைக்காதபோது, புது ஊரில் முதல்முறை புள்ளி வந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். விமான நிலையக் கட்டடத்துக்குள் நின்றுகொண்டு ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்று டேட்டாவைத் திறந்துவிட வேண்டாம். வெளியே வானம் தெரியும் இடத்தில் கொஞ்சம் பொறுங்கள்.

மொழி

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தாய், தமிழ் இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு சின்ன வீடியோ அளவுதான். தமிழிலிருந்து தாய்க்குப் போவதைவிட, எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுத்தால் தெளிவாக வரும் என்பது என் கணிப்பு. இணையம் இல்லாமல் வரும் மொழிபெயர்ப்பு இணையத்தோடு வருவதைவிட ஒரு படி கீழேதான். “இதில் மீன் சாஸ் இருக்கிறதா?” போன்ற கேள்விகள் சைவம் சாப்பிடுபவர்களுக்கு உயிர்க்கேள்விகள். அப்படிப்பட்ட ஐந்தாறு வாக்கியங்களை இணையம் இருக்கும்போதே மொழிபெயர்த்து, ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைக் காட்டிப் பலகையைப் படிக்கும் வசதி இணையம் இல்லாமல் உங்கள் போனில் நடக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். தாய் மொழி உணவுப் பட்டியல் ஒன்றின் படத்தை டேப்லெட்டில் திறந்துவைத்து, போனை விமான நிலையில் போட்டு அதன் முன்னால் பிடித்துப் பாருங்கள்.

தாள்களும் நுழைவு அட்டையும்

டிக்கெட்டும் ஓட்டல் முன்பதிவும் மெயிலில் இருக்கிறது என்பது போனில் இருக்கிறது என்று ஆகாது. மெயிலில் இணைப்பைத் தொட்டுத் திறந்து பார்ப்பது வெறும் எட்டிப் பார்ப்பது. இறக்கும் அம்புக்குறியைத் தொட்டு, போனின் Files செயலியில் Downloads பகுதியில் அது வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது. கூகுள் டிரைவில் வைத்திருந்தால் ஒவ்வொரு கோப்புக்கும் Make available offline கொடுக்க வேண்டும். டிஜிலாக்கரும் இப்படித்தான்: திறக்க இணையம் கேட்கும், பிடிஎஃப் ஆக இறக்கிவிட்டால் கேட்காது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பயணக் காப்பீடு, ஓட்டலின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரைப் பெரியவர்கள் மூவரின் போனிலும் நகல் எடுத்துவிடுங்கள். குடும்பத்தின் எல்லா டிக்கெட்டும் ஒருவர் போனில் இருந்து, அந்தப் போனில் சார்ஜ் தீர்ந்து நிற்பது விமான நிலையங்களில் அடிக்கடி காணும் காட்சி.

தாய்லாந்துக்கு இன்னொன்று உண்டு. 2025 மே 1 முதல் அங்கே போகும் வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால் இதை ஒரு வாரம் முன்பே முடித்துவைக்க வழியில்லை. முகவரி tdac.immigration.go.th. கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் வந்தால் அது வேறு யாருடையதோ. முடித்ததும் கியூஆர் குறியோடு ஓர் ஆவணம் வரும். அதை இறக்கிச் சேமித்து, காகிதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையில் பத்து நிமிட வேலை. விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு, பாட்டிக்கும் சேர்த்து நான்கு பேர் விவரத்தை ரோமிங்கில் தட்டுவது வேறு கதை. சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கும் இதேபோல் மூன்று நாள் கெடு கொண்ட நுழைவு அட்டைகள் இருக்கின்றன.

படமும் பாட்டும்: கெடு பார்த்து இறக்குங்கள்

இறக்கிய வரைபடம் பயணத்துக்குள் காலாவதி ஆகாது. படங்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும், அந்தக் கெடுவைப் பொறுத்துத்தான் என்றைக்கு இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் பிரீமியம் சந்தா இல்லாமலே யூடியூபில் பல வீடியோக்களை இறக்கலாம். ஆனால் அவை 48 மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் போன் ஒருமுறை இணையத்தைத் தொட வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படத்துக்குப் படம் கெடு மாறும். சில ஏழு நாளில் போய்விடும். சிலவற்றை ஒருமுறை ஓட்ட ஆரம்பித்துவிட்டால் அதிலிருந்து 48 மணி நேரம்தான். கெடு நெருங்கியவற்றுக்கு Downloads பக்கத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டும். ஸ்பாட்டிஃபையில் சந்தா கட்டி இறக்கிய பாடல்களுக்கு 30 நாளுக்கு ஒருமுறை இணையம் போதும், ஆறு நாள் பயணத்துக்கு அது பிரச்சினையே இல்லை.

இன்னொரு சிக்கல் உரிமம். ஒரு படத்தை இந்தியாவில் காட்ட மட்டுமே உரிமை வாங்கியிருந்தால், இங்கே இறக்கிய பிரதியே அங்கே போனபின் திறக்க மறுக்கலாம். பெட்டிக்குள் இருக்கும், ஓடாது. போகும் விமானத்தில் நன்றாக ஓடிய படம் திரும்பும் விமானத்தில் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுவோ கெடுவோதான்.

நம் குடும்பத்துக்குக் கணக்குப் போடுவோம். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். விமான நிலையத்தில் காத்திருப்பு, ஊருக்குள் கார் பயணம் எல்லாம் சேர்த்து மகளுக்கு ஒரு வழிக்கு ஐந்து மணி நேரத்துக்கான சரக்கு இருந்தால் தாராளம். சாதாரணத் தரத்தில் அது ஒன்றேகால் ஜிபியிலிருந்து இரண்டரை ஜிபிக்குள் அடங்கும். உயர்தரத்தில் இறக்கினால் டேப்லெட்டின் சிறிய திரையில் வித்தியாசம் தெரியாது. இடம் மட்டும் இரண்டு மடங்கு போகும். போகும் வழிக்கானதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் இறக்குங்கள். திரும்பும் வழிக்கானதை வேறு படங்களாக இறக்கி, தொடாமல் வைத்திருங்கள். கடைசி இரவு ஓட்டல் வைஃபையில் அவற்றை ஒருமுறை திறந்து மூடினால், கெடு புதுப்பிக்க வேண்டியது புதுப்பிக்கப்படும். ஓடாதது எது என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

பாட்டியின் பக்திப் பாடல்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். வீட்டில் சிடியாகவோ விலைக்கு வாங்கிய எம்பி3 கோப்பாகவோ இருப்பதைப் போனில் ஏற்றிவிட்டால் கெடுவும் இல்லை, நாட்டு எல்லையும் இல்லை. டவுன்லோடு சென்டர் காலத்துப் பழக்கம் என்று பிள்ளைகள் சிரிக்கலாம். பயணத்தில் கடைசிவரை கைவிடாமல் ஓடுவது அந்தக் கோப்புதான்.

வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்கள், தினம் ஒன்றரை ஜிபியோ இரண்டு ஜிபியோ தரும் பேக்கிலேயே இவ்வளவையும் இறக்க முடியும். நள்ளிரவில் புதுக் கணக்கு தொடங்குவதற்கு முன் அன்றைய மிச்சத்தை, மூன்று நான்கு இரவுகளுக்குப் பிரித்து, இறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயலிகள் வைஃபையில் மட்டுமே இறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும் என்பதால் அந்த அமைப்பைத் தளர்த்த வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இறுக்கிவிடுங்கள்.

முந்தின இரவுச் சோதனை

இறக்கியாயிற்று என்று செயலி சொல்வதை நம்ப வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின இரவு நான்கு கருவிகளையும் விமான நிலையில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். பிறகு பாங்காக்கில் நடக்கப்போகும் முதல் நாளை வீட்டுக் கூடத்திலேயே நடத்திப் பாருங்கள். வருகை அட்டையைத் திறங்கள். விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு வழி கேளுங்கள். ஆர்கானிக் மேப்ஸில் ஓட்டலிலிருந்து கோயிலுக்கு நடக்கும் வழி போடுங்கள். ஒரு வாக்கியத்தை மொழிபெயருங்கள். மகளின் படத்தை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள்; 48 மணி நேரக் கெடு உள்ள படமென்றால் மட்டும் இதைக் காலையில் செய்யுங்கள்.

இரண்டு வகைத் தோல்வி வரும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டமோ, இணையம் இல்லை என்ற அறிவிப்போ வந்தால் அது இறங்கவே இல்லை. உள்நுழையச் சொல்லிக் கேட்டால், இறங்கியிருக்கிறது, ஆனால் செயலி உங்களை வெளியேற்றிவிட்டது. இரண்டாவது வகை வெளிநாட்டில் அதிகம் வலிக்கும். உள்நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி வர இந்தியச் சிம் உயிரோடு இருக்க வேண்டும். மகளின் விளையாட்டுகளையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள். இணையமே தேவைப்படாததுபோல் தோன்றும் பல விளையாட்டுகள் தொடங்கும் நொடியில் இணையத்தைத் தேடும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. Offload Unused Apps என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நாள்கணக்கில் தொடாத செயலியை இடம் போதாதபோது போன் தானாக எடுத்துவிடும். பயணத்துக்கென்று போட்டுவைத்த செயலி அந்த வகையில் மாட்டிக்கொள்ளும். பயணம் முடியும்வரை அதை அணைத்துவையுங்கள்.

போனின் கையைக் கட்டுவது

இனி இரண்டாவது வேலை. கூகுள் போட்டோஸில் பேக்கப் அமைப்பைத் திறந்து மொபைல் டேட்டாவில் ஏற்றுவதையும் ரோமிங்கில் ஏற்றுவதையும் நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் தானியங்கிப் புதுப்பிப்பு வைஃபையில் மட்டும் என்று இருக்கட்டும். வாட்ஸப்பில் Settings, Storage and data என்று போனால், படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதற்கு மூன்று வரி இருக்கும்: மொபைல் டேட்டாவில், வைஃபையில், ரோமிங்கில். ரோமிங் வரி ஏற்கெனவே எதுவும் இறங்காதபடிதான் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியோடு மூடிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது.

போன் சிக்கனமாக இருப்பது, தான் எந்த வகை வலையில் இருக்கிறோம் என்று அது நினைப்பதைப் பொறுத்தது. பாங்காக்கில் உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ வாங்கிப் போட்டால், பல சமயம் போனுக்கு அது ரோமிங்காகவே தெரியாது. சாதாரண மொபைல் டேட்டா என்று எடுத்துக்கொள்ளும். உடனே காலை வணக்கப் படங்களும் குடும்பக் குழுவின் கல்யாண வீடியோக்களும் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். ஆகவே மொபைல் டேட்டா வரியையும் வெறுமையாக்குங்கள்.

இதைவிட மோசம் ஹாட்ஸ்பாட். கணவனின் போனில் மட்டும் பேக் இருக்கிறது, நடுவழியில் மனைவிக்கு ஒரு நிமிடம் இணையம் தேவைப்படுகிறது, ஹாட்ஸ்பாட் திறக்கிறார். மனைவியின் போனுக்கும் டேப்லெட்டுக்கும் அது வைஃபை! காத்துக்கொண்டிருந்த போட்டோ பேக்கப், செயலிப் புதுப்பிப்பு எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். வைஃபையில் மட்டும் என்று போட்ட கட்டுப்பாடு எதுவும் இங்கே உதவாது. சில போன்கள் ஹாட்ஸ்பாட்டை அடையாளம் கண்டு அடக்கி வாசிக்கும். எல்லாம் அப்படிச் செய்யும் என்று இருக்க வேண்டாம். வழி என்னவென்றால், வீட்டிலேயே ஒருமுறை கணவனின் ஹாட்ஸ்பாட்டில் மற்ற கருவிகளை இணைத்து, அந்த வலையின் அமைப்பில் Treat as metered என்று குறித்துவிடுவது. ஐபோனில் அதற்கு இணையானது Low Data Mode. ஒருமுறை குறித்தால் அந்தப் பெயர் கொண்ட வலையை எப்போதும் அளந்து பயன்படுத்தும். டேப்லெட்டை ஹாட்ஸ்பாட்டில் சேர்க்காமலே இருப்பது இன்னும் நல்லது.

இந்தியச் சிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கி ஓடிபி வர வேண்டுமென்றால் சர்வதேச ரோமிங் சேவை செயல்பட்டாக வேண்டும். அது இல்லாவிட்டால் சிம் அங்கே எந்த வலையிலும் பதிவே ஆகாது. இதை ஊரிலேயே நிறுவனத்தின் செயலியில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ரீசார்ஜ் பயணத்துக்கு நடுவே முடியாதபடியும் பாருங்கள். சேவை செயல்படுவது வேறு, டேட்டா ரோமிங் வேறு. முதலாவது இருக்க வேண்டும். பேக் இல்லாத போன்களில் இரண்டாவது, அதாவது Data roaming என்ற பொத்தான், அணைந்திருக்க வேண்டும். இரண்டு சிம் உள்ள போனில் ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். இ-சிம் வாங்குவதென்றால் வீட்டு வைஃபையிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவவே இணையம் வேண்டும். பிறகு அதை அழித்துவிடாதீர்கள், பலவற்றை இரண்டாம் முறை நிறுவ முடியாது. புதுச் சிம்மைப் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து இயங்கும்.

போனை விமானத்தில் விமான நிலையில் வைப்பதற்குச் சட்டம் தவிரப் பணக் காரணமும் உண்டு. சில விமானங்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் அவற்றுக்கென்றே மொபைல் வலை இருக்கும், நாட்டுக்கான ரோமிங் பேக் பெரும்பாலும் அங்கே செல்லாது. எல்லை என்பது போனுக்குத் தெரியாத சங்கதி. தனுஷ்கோடி மணலில் நின்றுகொண்டிருப்பவர்களின் போனுக்கே இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வருவதுண்டு. டேட்டா ரோமிங் பொத்தானை எப்போதும் அணைத்தே வைத்திருப்பது ராமேஸ்வரம் போகிறவர்களுக்கும் பொருந்தும்.

போய் இறங்கியதும் முதல் இரவு ஓட்டல் அறையில் போனின் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று வரிசையாக இருக்கும். வரைபடமும் வாட்ஸப்பும் தவிர வேறு ஏதாவது முதல் மூன்று இடத்துக்குள் இருந்தால், அதன் பின்னணி டேட்டாவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.